மும்பை மழையும் ஓதம் பிடித்த சுவரும் விடியற்காலை இருமலும்

செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் தனியாக வாடகைக்கு இருக்கிறேன். போன மழைக்காலத்தில் நான் பட்ட பாட்டை எழுதி வைத்தால், இதே ஊரில் இதே மாதிரி இருமிக்கொண்டிருக்கும் யாருக்காவது கொஞ்சம் பணமும் நிறைய தூக்கமும் மிச்சமாகும் என்று தோன்றியது. எனக்கு இதை யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் தப்பியிருக்கும்.

ஜூலை நடுவில் ஆரம்பித்தது. காலையில் கண் விழித்ததும் தொண்டையில் மயிர் சிக்கினது மாதிரி ஒரு அரிப்பு, செருமிச் செருமிப் பார்த்தாலும் போகாது, அப்புறம் வறட்டு இருமல். சளி பெரிதாக வராது, காய்ச்சல் கிடையாது, மூக்கு மட்டும் அடைத்திருக்கும். குளித்துக் கிளம்பி ஆபீஸ் போய்ச் சேர்ந்து ஒரு பதினோரு மணி ஆனால் எல்லாம் அடங்கிவிடும். மறுநாள் விடிந்தால் திரும்பவும் அதே கதை. பக்கத்துக் கிளினிக்கில் வைரல் என்றார்கள், ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், அப்புறம் ஒரு சிரப், அப்புறம் வேறு ஒரு சிரப். அம்மா போனில் மிளகுப்பால் சொன்னாள், அதிமதுரம் வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னாள். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் அரை மணி நேரம் சுகம். அவ்வளவுதான். டாக்டர் ஃபீஸும் மருந்துமாக ஆறாயிரம் போனது.

இதற்கு நடுவில் ஒரு விஷயம் நடந்தது, அப்போது இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. படுக்கையறையில் பீரோவுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் பொரிந்து, அதற்குள் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. வீட்டு ஓனரிடம் சொன்னேன். "மழைக்காலம்னா மும்பையில எல்லா வீட்டுலயும் இப்படித்தான், ஒரு கோட்டிங் அடிச்சா சரியாயிடும்" என்று ஒரு பெயின்டரை அனுப்பினார், கூலியை நான்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். பெயின்டர் வந்து, ஃபேனை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு, காய்ந்த சுவரை அப்படியே பட்டி கத்தியால் சுரண்டி, மேலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அறை முழுக்க சாம்பல் நிறத்தில் தூசி. கட்டில், தலையணை, கொடியில் கிடந்த துண்டு, எல்லாவற்றிலும் படிந்தது. அதன் மேல் இரண்டு கோட் பெயின்ட். 7,500 ரூபாய். அன்றைக்கு ராத்திரி இருமலோடு நெஞ்சும் பிடித்துக்கொண்டது, உட்கார்ந்தே தூங்கினேன். மாசம் முடிவதற்குள் புதுப் பெயின்ட் குமிழ் குமிழாக உப்பி, அதே இடத்தில் அதே கறுப்பு.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் சித்தி மகள் கல்யாணம், அம்பாசமுத்திரம் போனேன். அங்கே போன சில நாளிலேயே தொண்டை தெளிந்துவிட்டது. மண்டபத்தில் தூங்கி, ஐஸ்கிரீம் சாப்பிட்டு, ஆற்றில் குளித்தும் இருமல் இல்லை. மும்பை திரும்பி ஓரிரு ராத்திரி என் கட்டிலில் படுத்ததும் பழையபடி ஆரம்பம். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்: காலையில் கூடி, வெளியே போனால் குறைந்து, ஊருக்குப் போனால் நின்று, வீட்டுக்கு வந்தால் திரும்பும் இருமல் என்றால் மருந்தை மாற்றுவதற்கு முன் படுக்கையறைச் சுவரைப் பாருங்கள். ராத்திரி முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே அறைக் காற்றை இழுக்கிறோம், பூஞ்சணத்தின் நுண்ணிய வித்துகள் அந்தக் காற்றில் இருக்கின்றன, மூக்கு வீங்கி நீர் சுரக்கிறது, படுத்திருப்பதால் அது தொண்டைக்குப் பின்பக்கமாக இறங்குகிறது. விடியற்காலை அரிப்பு அதனால்தான்.

ஆனால் சுவர்தான் காரணம் என்று நாமே முடிவு கட்டிவிடவும் கூடாது. இந்தத் தடவை வேறு டாக்டரிடம் போனேன். ஊருக்குப் போனபோது எப்படி இருந்தது, வீட்டில் ஓதம் உண்டா என்று கேட்ட முதல் டாக்டர் அவர்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காரணம் என்னவாக இருந்தாலும் டிபி இல்லை என்று பார்த்துவிட வேண்டும் என்று சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேவும் எழுதினார். சளிப் பரிசோதனை அரசு மையங்களில் இலவசம். எனக்கு ஒன்றும் இல்லை, அலர்ஜி என்றார், மூக்குக்கு ஒரு ஸ்பிரே கொடுத்தார், "ஸ்பிரே பாதி வேலைதான் செய்யும், மீதி உங்க வீட்டுல இருக்கு" என்றார். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சில் விசில் சத்தம் கேட்டாலோ, ராத்திரிக் காய்ச்சல், எடைக் குறைவு, சளியில் ரத்தம் என்றாலோ சுவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் டாக்டர். இன்னொன்றையும் அவரிடம் கேட்டேன், ஏனென்றால் குடும்ப வாட்ஸாப்பில் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். 2021-இல் கொரோனாவோடு வந்த கருப்புப் பூஞ்சை நோய் வேறு, சுவரில் படியும் கறுப்பு வேறு. அந்த நோய் பெரும்பாலும் சர்க்கரை கட்டுக்கடங்காதவர்களையும் ஸ்டீராய்டு எடுத்தவர்களையும் தாக்கியது. சுவரில் இருப்பது எந்த வகைப் பூஞ்சை என்று லேப் டெஸ்ட் எடுக்கவும் வேண்டியதில்லை, எந்த வகையானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

அந்த வார இறுதியில் பீரோவை நகர்த்தினேன். பின்பக்கம் சுவரில் ஒரு கை அகலத்துக்குக் கறுப்பும் பச்சையுமாகப் படர்ந்திருந்தது, பீரோவின் பின்பலகை ஊறி உப்பியிருந்தது, உள்ளே தொங்கிய தோல் பெல்ட்டில் வெள்ளையாக ரோமம். என் தலைமாட்டிலிருந்து இரண்டடி தூரம். அழுகையே வந்துவிட்டது, கோபத்தில்.

கீழ் வீட்டில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார், நாசரேத் பக்கம், நாற்பது வருஷமாக இங்கே கட்டட வேலை எடுத்துச் செய்தவர். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, தண்ணி எங்கிருந்து வருதுன்னு பார்த்தியா? அதை விட்டுட்டு எத்தனை கோட்டிங் அடிச்சாலும் உரியத்தான செய்யும்?" எல்லா ஓதமும் ஒன்றில்லை என்று அவர்தான் விளக்கினார். தரைத்தளத்தில் அஸ்திவாரத்திலிருந்து ஈரம் ஏறும், மூன்றாவது மாடிக்கு அது வராது. மேல்வீட்டுக் குளியலறைக் கசிவு என்றால் மழை நின்றாலும் ஈரம் நிற்காது, பெரும்பாலும் கூரையிலோ சுவரின் மேல்பகுதியிலோ முதலில் தெரியும். மழைநீர் வெளிச்சுவர் வழியாக வந்தால் அடைமழைக்குப் பிறகு கறை இருண்டு, வெயில் காட்டும் நாட்களில் வெளிறும். இது எதுவும் இல்லாமல் அறையின் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் வியர்ப்பதும் உண்டு. அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது பூஞ்சணம் இல்லாமல் உப்பாகவும் இருக்கலாம், தண்ணீர் தெளித்தால் உப்பு கரைந்துபோகும், பூஞ்சணம் கரையாது.

வெளியே இருந்து வருகிறதா, அறைக்காற்று வியர்க்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி சொன்னார். சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளில் ஒரு முழம் வெட்டி, சுவரைத் துணியால் ஒற்றிவிட்டு, கறைக்குப் பக்கத்தில் நல்ல பெயின்ட் இருக்கும் இடத்தில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். தாளின் வெளிப்பக்கம், அதாவது அறையைப் பார்க்கும் பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம். பிரித்தால் சுவரைப் பார்க்கும் பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளே தண்ணீர் இருக்கிறது. எனக்கு உள்பக்கம் முத்து முத்தாக நீர். அப்புறம் அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். போன வருஷம் ஏசி மாட்டியவர்கள் செம்புக் குழாய் போகச் சுவரில் துளை போட்டிருந்தார்கள், அந்தத் துளை உள்பக்கமாகச் சரிந்திருந்தது, வாயில் கொஞ்சம் வெள்ளைச் சிமென்ட் அப்பியிருந்ததும் விழுந்துவிட்டது. மேற்குப் பக்கம் அடிக்கும் மழை குழாய் வழியே வழிந்து நேராகச் சுவருக்குள் இறங்கி, பீரோவின் பின்னால் தேங்குகிறது. இந்தத் துளை வெளிப்பக்கம் சரிவாக இருக்க வேண்டும், குழாய் சுவருக்குள் நுழைவதற்கு முன் ஒரு வளைவாகக் கீழே இறங்கி ஏற வேண்டும், அப்போது தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போய்விடும். வீட்டில் ஸ்பிளிட் ஏசி இருந்தால் இதை முதலில் பாருங்கள், அப்புறம் ஜன்னல் சட்டத்தின் மூலை, ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் சஜ்ஜா சுவரோடு சேரும் இடம்.

ஈரத்தில் சாதாரண சீலன்ட் சரியாகப் பிடிக்காது. அதனால் மழை இரண்டு நாள் விட்ட சமயம் பார்த்து, துளையைத் துடைத்துக் காயவிட்டு, ஃபோம் நிரப்பி, வெளியே சீலன்ட் பூசி, குழாயையும் வளைத்துக் கட்டினார்கள். 1,200 ரூபாய். மொத்தப் பிரச்சினைக்கும் காரணமான ஓட்டையை அடைத்தது இந்த 1,200 ரூபாய் வேலைதான்.

இனி சுத்தம் செய்யும் கதை. பூஞ்சணம் பரவிய இடம் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், அதாவது பத்து சதுர அடிக்குள் என்றால் நாமே செய்யலாம், அதற்கு மேல் என்றால் ஆள் வைப்பது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள், எதிர்ப்பு சக்தி குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் செய்யவே கூடாது, செய்யும்போது அந்த வீட்டிலும் இருக்கக் கூடாது. எனக்கு இருமல் இருந்ததால் டாக்டரிடம் கேட்டேன், முடிந்தால் வேறு யாராவது செய்யட்டும் என்றார், அண்ணாச்சியின் மகன் செய்தான், நான் வாசலில் நின்று பொருள் எடுத்துக் கொடுத்தேன். மாஸ்க் என்றால் என்95 தான், மூக்குப் பக்கம் இடைவெளி இல்லாமல் அழுத்தி. கைக்குட்டையோ நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க்கோ வித்துகளைத் தடுக்காது. முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணுக்குக் காற்றோட்ட ஓட்டை இல்லாத கண்ணாடி. மெத்தை, துணி, தலையணை எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுத்தோம், ஃபேனையும் ஏசியையும் அணைத்தோம், அறைக்கதவைச் சாத்தி அடியில் ஈரத்துண்டு வைத்து, ஜன்னலை மட்டும் திறந்து வைத்தோம்.

காய்ந்த பூஞ்சணத்தைச் சுரண்டவே கூடாது, பெயின்டர் செய்தது அதுதான். முதலில் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் அடித்து நனைக்க வேண்டும், பலமாகப் பீய்ச்சாமல் மெல்ல. அப்புறம் அரை வாளி தண்ணீரில் ஒரு ஸ்பூன் பாத்திரம் துலக்கும் லிக்விட் கலந்து, பழைய துணியை நனைத்துப் பிழிந்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைக்க வேண்டும். ஒரு முறை துடைத்த துணியை அதே தண்ணீரில் முக்காமல் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும், பழைய பனியன்களைக் கிழித்து வைத்துக்கொண்டால் போதும். உப்பி நிற்கும் பெயின்ட்டையும் இளகிய பட்டியையும் நனைந்த நிலையிலேயே, கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்து, மெல்லக் கழற்றினான். சுவரை ஊற வைத்துவிடக் கூடாது, பட்டி மாவாகிவிடும், நாம் துரத்துகிற ஈரத்தை நாமே ஏற்றியது போலாகும். முடிந்ததும் சுத்தமான ஈரத்துணியால் ஒரு முறை, காய்ந்த துணியால் ஒரு முறை. தரையை விளக்குமாறு போட்டுப் பெருக்காமல் ஈர மாப்பால் துடைக்க வேண்டும், சாதாரண வேக்குவம் கிளீனர் வித்துகளைப் பின்பக்கமாகத் திரும்ப ஊதிவிடும். எல்லாம் முடிந்து துடைத்த பிறகுதான் ஃபேன்.

எல்லாரும் பிளீச்சிங் போடு என்பார்கள். குளியலறை டைல்ஸில், கறுத்த இடுக்குகளில் போடலாம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லி பிளீச் லிக்விடுக்கு மேல் வேண்டாம், பத்து நிமிஷம் விட்டுக் கழுவினால் போதும். சுவர்ப் பூச்சு தண்ணீரை உறிஞ்சும் பொருள், அங்கே பிளீச் மேல் நிறத்தை வெளுக்கும், உள்ளே வேர் விட்டது அப்படியே இருக்கும், ஒரு வாரத்தில் திரும்ப வரும். செத்த பூஞ்சணமும் அலர்ஜி கொடுக்கும் என்பதால் கொன்றால் போதாது, துடைத்து எடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், பிளீச்சோடு வினிகர், டாய்லெட் கிளீனர் ஆசிட், அம்மோனியா உள்ள கண்ணாடி லிக்விட் எதையும் சேர்க்கக் கூடாது. மேலே வீட்டு மாமி ஒருத்தி "இரண்டையும் சேர்த்து ஊத்தினா பளிச்சுன்னு ஆயிடும்மா" என்று அக்கறையாகத்தான் சொன்னார். அப்படிச் சேர்த்தால் வருவது நுரையீரலை எரிக்கும் நச்சுப் புகை, சின்னக் குளியலறையில் மயங்கி விழும் அளவுக்கு.

பீரோவின் உப்பிய பின்பலகையைக் கழற்றி எறிந்தோம். இலவம்பஞ்சுத் தலையணையையும் எறிந்தேன், பஞ்சுக்குள் போனதைக் கழுவி எடுக்க முடியாது. துணிகளை வெந்நீரில் துவைத்தேன். பீரோவை இப்போது உள்சுவர்ப் பக்கம் மாற்றிவிட்டேன். இடமில்லாதவர்கள் வெளிச்சுவரிலிருந்து நான்கு விரலாவது தள்ளி வைக்கலாம்.

சுவர் காய வேண்டுமே, அங்கேதான் மும்பையின் தொல்லை. ஜன்னலைத் திறந்து வை, காற்றோட்டம் வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். குளியலறை, சமையலறை ஆவி போக அது சரிதான். ஆனால் ஆகஸ்டில் வெளிக்காற்றே 85, 90 சதவீத ஈரப்பதத்தில் இருக்கிறது, அதைத் திறந்து விட்டால் சுவர் எப்படிக் காயும்? நானூறு ரூபாய்க்கு ஒரு ஈரப்பதமானி வாங்கினேன், அறைக்குள் 84 காட்டியது. 60-க்குக் கீழே கொண்டுவந்தால் பூஞ்சணம் தலையெடுப்பது கஷ்டம். ஏசியை டிரை மோடில் போட்டு, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தினால் சில மணி நேரத்தில் அறுபதை ஒட்டி வந்தது, மின் கட்டணமும் கூடவே வந்தது. அலமாரிக்குள் தொங்கவிடும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் அலமாரிக்கு மட்டும்தான், அறைக்குப் போதாது. ஈர உடையை அறைக்குள் உலர்த்துவதையும் நிறுத்தினேன், மழைக்காலத்தில் அதற்கு வேறு இடம் இல்லை என்பது தெரியும், கூடத்தில் கொடி கட்டினேன்.

திரும்பப் பெயின்ட் அடிக்க அவசரப்படவில்லை. வெளிச்சுவர் உள்ளே ஊறியது மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே காய மாதங்கள் ஆகும். அக்டோபர் வெயில் முடிந்து, நவம்பர் கடைசியில் திரும்ப அலுமினியத் தாள் ஒட்டிப் பார்த்தேன், சுவர்ப்பக்கம் காய்ந்திருந்தது, அதற்கு அப்புறம்தான் பூஞ்சை எதிர்ப்பு பிரைமரும் பெயின்ட்டும். ஆயில் பெயின்ட் வேண்டாம் என்றார் அண்ணாச்சி, மிச்சம் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அடைந்துவிடும்.

பணம் யார் கொடுப்பது என்பது தனிச் சண்டை. கறையைத் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, ஓனருக்கு வாட்ஸாப்போடு நிறுத்தாமல் ஈமெயிலும் அனுப்பினேன். மகாராஷ்டிராவில் ஹவுசிங் சொசைட்டிகளின் மாதிரி விதிகளின்படி வெளிச்சுவர், மொட்டைமாடி, மழைநீர்க் கசிவு எல்லாம் சொசைட்டி பொறுப்பு, ஆனால் அதை ஓனர்தான் எழுத்தில் கேட்க வேண்டும், வாடகைதாரர் கேட்டால் செக்ரட்டரி காதில் விழாது. என் விஷயத்தில் துளை ஏசிக்காகப் போட்டது என்பதால் சொசைட்டி கையை விரித்தது, ஓனர் இரண்டாவது பெயின்ட் செலவில் பாதியை மட்டும் வாடகையில் கழித்துக்கொள்ளச் சம்மதித்தார். முதல் 7,500 போனது போனதுதான்.

பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்து இப்போது வேறு வீடு பார்க்கிறேன். மழைக்காலத்தில் வீடு காட்டும்போது ஒரே ஒரு சுவர் மட்டும் புதுப் பெயின்ட் வாசனை அடித்தால் புரோக்கரிடம் காரணம் கேட்கிறேன், பீரோவை நகர்த்தச் சொல்கிறேன், ஏசி துளையை வெளியே எட்டிப் பார்க்கிறேன். போன வாரம் ஒரு புரோக்கர், "மேடம், இதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க" என்றார். நான் பீரோவின் ஒரு மூலையைப் பிடித்தேன், அவரே மறு மூலையைப் பிடித்து இழுத்தார். பின்னால் கறுப்பு. அந்த வீடு வேண்டாம் என்று வந்துவிட்டேன்.